தகராறு வந்தால் எந்த ஊரில் நிற்க வேண்டும்? ஒப்பந்தக் கட்டிலிருந்து பதிலை எடுக்கும் முறை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவர் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஐந்து பேருடன் போட்ட காகிதங்கள். ஜெர்மனி பையருடன் சப்ளை ஒப்பந்தம், இங்கிலாந்து பையருடன் இன்னொன்று, மும்பை டீலரிடம் நிட்டிங் மெஷின் வாங்கிய ஒப்பந்தம், டெல்லி பிராண்ட் ஒன்றின் பர்ச்சேஸ் ஆர்டர்கள், சரக்கு அனுப்பிய ஃபார்வர்டரின் பில் ஆஃப் லேடிங். அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல யாரோட பிரச்சினை வந்தாலும் நான் எந்த ஊர்ல போய் நிக்கணும்?"

வக்கீல் ஆபீசிலோ கம்பெனியின் சட்டப் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் வந்து சேரும் வேலைகளில் இது ஒன்று. பார்க்க எளிது. ஒவ்வொரு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் ஷரத்தை எடுத்து ஒரு அட்டவணையில் போட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்த அட்டவணையை நம்பி ஒருவர் வழக்குப் போடப் போகிறார். ஒரு சொல்லை மாற்றி எழுதினால் அவர் தவறான ஊரில் போய் நிற்பார். அதனால் இந்த ஐந்து காகிதங்களையே எடுத்துக்கொண்டு, எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். ஷரத்துகள் நான் உதாரணத்துக்கு அமைத்தவை. சட்டமும் தீர்ப்புகளும் உண்மையானவை.

தேடப்போவது மூன்று வெவ்வேறு விஷயங்கள்

முதலாவது, பொருந்தும் சட்டம். எந்த நாட்டுச் சட்டத்தை வைத்து ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்வது என்பது. இரண்டாவது, நீதிமன்ற அதிகார வரம்பு. வழக்கை எந்த ஊர் நீதிமன்றத்தில் போடுவது என்பது. மூன்றாவது, நடுவர் மன்றத்தின் சீட். தகராறு நீதிமன்றத்துக்குப் போகாமல் ஆர்பிட்ரேஷனுக்குப் போகும் என்றால், அந்த ஆர்பிட்ரேஷன் சட்டப்படி எந்த ஊரைச் சேர்ந்தது என்பது.

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். "இந்தியச் சட்டம் பொருந்தும்" என்று பார்த்தவுடன் "அப்படியென்றால் வழக்கு இந்தியாவில்தான்" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் அப்படி ஒரு கட்டாயத் தொடர்பு கிடையாது. லண்டனில் உட்காரும் நடுவர் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம். தினமும் நடப்பதுதான்.

சீட் என்பதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டும். நடுவர்கள் எந்த ஹோட்டல் அறையில் கூடுகிறார்கள் என்பது சீட் அல்ல. அதை வென்யூ என்கிறோம். 1996-ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, வசதிக்காக வேறு ஊரில் கூடி சாட்சி விசாரிக்கவும் இடம் கொடுக்கிறது. அப்படிக் கூடினால் சீட் மாறிவிடாது. நடுவரை நியமிப்பதில் இழுபறி வந்தால் எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போவது, நடுவரின் தீர்ப்பான அவார்டை ரத்து செய்யக் கேட்டு 34-ஆம் பிரிவில் மனு எங்கே போடுவது என்பதையெல்லாம் முடிவு செய்வது சீட்தான். கோவை சீட் என்றால் நியமன மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. மும்பை சீட் என்றால் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு. சீட் லண்டன் என்றால் நியமனமும் ரத்து மனுவும் நம் நீதிமன்றங்களின் கையில் இல்லை.

முதல் படி: காகிதம் முழுசாக இருக்கிறதா?

ஷரத்தைத் தேடும் முன் காகிதத்தைத் தேடுங்கள். கையெழுத்தான பிரதி, அதற்குப் பின் வந்த திருத்தங்கள், இணைப்புகள், பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம், இன்வாய்ஸின் அடிவரி எல்லாம் வேண்டும். "எங்கள் பொது விதிமுறைகள் பொருந்தும்" என்று ஒரு வரி இருந்தால் அந்த விதிமுறைகளின் பிரதியும் வேண்டும், ஆர்டர் போட்ட தேதியில் நடைமுறையில் இருந்த பிரதி.

இதை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். ஜூனியராக இருந்தபோது ஒரு கட்சிக்காரரின் மூல ஒப்பந்தத்தில் "கோயம்புத்தூர் நீதிமன்றங்கள்" என்று பார்த்துவிட்டு அங்கேயே வழக்குத் தயார் செய்தேன். இரண்டு வருடம் கழித்துப் போட்ட ஒரு திருத்தம் ஃபைலில் வேறு இடத்தில் இருந்தது. விலையை மாற்றத்தான் அந்தத் திருத்தம் என்று நினைத்து நான் படிக்கவில்லை. அதன் கடைசிப் பத்தி பழைய ஷரத்தை எடுத்துவிட்டு பெங்களூரு என்று போட்டிருந்தது. எதிர்த்தரப்பு அதைக் காட்டியதும் பிராது உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சொல்லித் திருப்பித் தரப்பட்டது. நல்லெண்ணத்தோடு தவறான நீதிமன்றத்தில் செலவான காலத்தைக் கழித்துக்கொள்ள 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு உதவுகிறது, அது உண்மை. ஆனால் கட்சிக்காரருக்குப் போன மாதங்கள் திரும்ப வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் முதலில் ஒரு தேதி வரிசை எழுதிக்கொள்கிறேன்: மூலம், முதல் திருத்தம், இரண்டாம் திருத்தம், இப்படி. கூடவே ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எந்த ஆவணம் மேலோங்கும் என்று சொல்லும் ஷரத்து இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். இருந்தால் பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: தேடுதல்

ஐந்து காகிதம் என்றால் உட்கார்ந்து படித்துவிடலாம். ஐம்பது என்றால் தேடுதல் தேவை. பி.டி.எஃப். கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போட்டு, எழுத்தாக மாற்றி, சொற்களைத் தேடலாம். லினக்ஸிலோ மேக்கிலோ `pdftotext` நிறுவியிருந்தால் இவ்வளவு போதும்:

```
for f in *.pdf; do pdftotext -layout "$f"; done
wc -w *.txt
grep -n -i -E -A3 "govern|constru|jurisdict|court|arbitra|seat|venue|place of|dispute" *.txt
```

நடுவில் உள்ள வரியை விட்டுவிடாதீர்கள். அது ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை சொற்கள் கிடைத்தன என்று சொல்கிறது. இருபது பக்க ஒப்பந்தத்தில் பத்து சொல்தான் என்று வந்தால் அது ஸ்கேன் செய்த படம். தேடுதல் அதற்குள் போகவே இல்லை. அதைக் கவனிக்காமல் "ஷரத்து இல்லை" என்று எழுதினால் பெரிய தவறாகிவிடும். `ocrmypdf` போன்ற ஒன்றால் எழுத்தாக்கிவிட்டு மறுபடி தேடுங்கள். மங்கலாக இருந்தால் கண்ணால் படியுங்கள்.

தேடும் சொற்களிலும் ஒரு விஷயம். `arbitration` என்று முழுச் சொல்லாகத் தேடினால் `arbitrator`, `arbitral` விட்டுப்போகும். அதனால்தான் வேர் மட்டும். `court` என்று தேடினால் தேவையில்லாத வரிகள் நிறைய வரும். வரட்டும். வீணாக நாலு வரி படிப்பது, ஒரு ஷரத்தைத் தவறவிடுவதைவிட மேல். அப்புறம், இந்த ஷரத்துகள் எப்போதும் கடைசியில்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ரகசியம் காத்தல் ஷரத்துக்குள்ளேயே தடையாணைக்கு மட்டும் தனி நீதிமன்றம் சொல்லியிருப்பார்கள். பேங்க் கியாரண்டி இணைப்பில் தனியாக ஒரு ஊர் இருக்கும்.

மூன்றாம் படி: உள்ளதை உள்ளபடி எடுத்து எழுதுதல்

அட்டவணையில் இரண்டு பகுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஷரத்தின் சொற்கள் அப்படியே, ஷரத்து எண், பக்க எண்ணோடு. இன்னொன்றில் நீங்கள் அதிலிருந்து எடுத்த முடிவு. இவை இரண்டும் கலக்கவே கூடாது.

காரணம் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் "வென்யூ" என்று இருப்பதைச் சுருக்கி எழுதும்போது "சீட்: கோவை" என்று எழுதிவிட்டால், உங்கள் அட்டவணையைப் பார்க்கும் சீனியருக்கு அங்கே ஒரு கேள்வி இருப்பதே தெரியாமல் போய்விடும். அதேபோல "மட்டும்" என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியம். "போகலாம்" என்றிருக்கிறதா, "போக வேண்டும்" என்றிருக்கிறதா என்பதும் முக்கியம். சில ஒப்பந்தங்களில் ஒரு தரப்புக்கு மட்டும் வேறு ஊரிலும் வழக்குப் போடும் உரிமை இருக்கும். சுருக்கினால் அது காணாமல் போகும்.

ஷரத்து கிடைக்கவில்லை என்றால் "இல்லை" என்று மட்டும் எழுதாமல் "இன்னின்ன காகிதங்களில் தேடினேன், கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். அப்போது பொது விதி வரும்: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, வழக்குமூலம் முழுதாகவோ பகுதியாகவோ எழுந்த இடத்திலோ வழக்குப் போடலாம்.

நான்காம் படி: மூன்றையும் சேர்த்துப் படித்தல்

இப்போது ஐந்து காகிதங்களுக்கும் வருவோம்.

ஜெர்மனி ஒப்பந்தத்தில் ஜெர்மானியச் சட்டம் பொருந்தும், ஹாம்பர்க் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம் என்று இருக்கிறது. ஆர்பிட்ரேஷன் பேச்சே இல்லை. இடம் தெளிவு: ஹாம்பர்க். சட்டம் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். ஐ.நா.வின் 1980-ஆம் ஆண்டு சர்வதேசச் சரக்கு விற்பனை உடன்படிக்கையில் ஜெர்மனி சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. "ஜெர்மானியச் சட்டம்" என்று மட்டும் எழுதினால் இந்த உடன்படிக்கையும் சேர்ந்தே வரும், வெளிப்படையாக விலக்கியிருந்தால் தவிர. கலர் வேறுபாடு என்று பையர் புகார் சொல்ல எவ்வளவு காலம் இருக்கிறது என்பதே இதனால் மாறும். ஆகவே விலக்கிய வரி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

இங்கிலாந்து ஒப்பந்தத்தில் ஆங்கிலேயச் சட்டம், லண்டன் சர்வதேச ஆர்பிட்ரேஷன் நீதிமன்றத்தின் விதிகள், சீட் லண்டன் என்று வெளிப்படையாக இருக்கிறது. "நீதிமன்றம்" என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஆர்பிட்ரேஷனை நிர்வகிக்கும் அமைப்பு, அரசு நீதிமன்றம் அல்ல. தகராறு நடுவர் முன், மேற்பார்வை இங்கிலாந்து நீதிமன்றங்களில். ஒரு நல்ல விஷயமும் உண்டு: நடுவர் சட்டத்தில் வந்த 2015 திருத்தத்துக்குப் பின், சீட் வெளிநாட்டில் இருந்தாலும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, 9-ஆம் பிரிவில் இடைக்கால நிவாரணம் கேட்டு இந்திய நீதிமன்றத்துக்கு வரலாம். அதனால் இந்தியாவில் இருக்கும் சரக்கை முடக்க பையர் இங்கேயே வரக்கூடும். இதை ஏற்றுமதியாளருக்குச் சொல்ல வேண்டும், "எல்லாம் லண்டன்" என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

மும்பை மெஷின் ஒப்பந்தத்துக்கு வந்தால் வேலை நிஜமாகவே ஆரம்பிக்கிறது. 17-ஆம் ஷரத்து: இந்தியச் சட்டம் பொருந்தும், மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம். 18-ஆம் ஷரத்து: தகராறுகள் ஒரே நடுவரால் தீர்க்கப்படும், ஆர்பிட்ரேஷன் நடவடிக்கைகள் கோயம்புத்தூரில் நடைபெறும். "சீட்" என்ற சொல் எங்கும் இல்லை.

18-ஐ மட்டும் படித்தால் பதில் கோவை. 2019-ஆம் ஆண்டு பி.ஜி.எஸ். எஸ்.ஜி.எஸ். சோமா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒரு ஊரை ஆர்பிட்ரேஷன் நடவடிக்கைகளின் வென்யூ என்று குறிப்பிட்டு, அதற்கு எதிரான முக்கிய அடையாளம் எதுவும் இல்லை என்றால், அந்த ஊர்தான் சீட். ஒரு கூட்டத்தை மட்டும் அல்ல, "நடவடிக்கைகள்" முழுவதையும் அந்த ஊரோடு கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னது. நம் ஷரத்தில் "நடவடிக்கைகள்" என்றே இருக்கிறது.

ஆனால் 17-ஆம் ஷரத்தில் உள்ள "மும்பை மட்டுமே" என்பது அந்த எதிரான அடையாளமா? இங்கேதான் இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

2020-இல் மன்கஸ்து வழக்கு. டெல்லிக் கம்பெனிக்கும் ஹாங்காங் கம்பெனிக்கும் ஒப்பந்தம். இந்தியச் சட்டம், டெல்லி நீதிமன்றங்களுக்கு அதிகாரம் என்று ஒரு ஷரத்து. தகராறு ஹாங்காங்கில் நிர்வகிக்கப்படும் ஆர்பிட்ரேஷனால் இறுதியாகத் தீர்க்கப்படும், ஆர்பிட்ரேஷனின் இடம் ஹாங்காங் என்று இன்னொரு ஷரத்து. உச்ச நீதிமன்றம் சீட் ஹாங்காங் என்றது. நடுவரை இங்கே நியமிக்கக் கேட்ட மனு நிற்கவில்லை.

2025-இல் டிசார்த்தோ வழக்கு. கொலம்பியா நாட்டு விநியோகஸ்தருக்கும் குஜராத்தில் உள்ள மருத்துவச் சாதன உற்பத்தியாளருக்கும் ஒப்பந்தம். இந்தியச் சட்டம், குஜராத் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் என்று ஒரு ஷரத்து. ஆர்பிட்ரேஷன் பொகோட்டா வணிகச் சபையில் நடக்கும் என்று இன்னொன்று. பார்வைக்கு மன்கஸ்து மாதிரியே இருக்கிறது. ஆனால் இந்த முறை உச்ச நீதிமன்றம், பொகோட்டா வென்யூ மட்டுமே, இந்திய நீதிமன்றம் நடுவரை நியமிக்கலாம் என்றது.

இரண்டு ஒப்பந்தங்களின் எலும்புக்கூடு ஒன்றுதான். முடிவை மாற்றியது வாசகமும், ஷரத்துகள் ஒன்றோடொன்று சேரும் விதமும். அதனால்தான் சொற்களை அப்படியே எழுதச் சொன்னேன். "சட்டம் இந்தியா, நீதிமன்றம் இந்தியா, ஆர்பிட்ரேஷன் வெளிநாடு" என்று சுருக்கியிருந்தால் இந்த இரண்டு வழக்குக்கும் அட்டவணையில் ஒரே வரிதான் இருந்திருக்கும்.

இவை வெளிநாடு சம்பந்தப்பட்டவை. நம் மெஷின் ஒப்பந்தத்தில் இரண்டு ஊரும் இந்தியாவுக்குள். இந்த அமைப்பில் உயர் நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. அதனால் அட்டவணையில் என் முடிவு: "கோவை சீட் என்று வாதிட வலு உண்டு, மும்பை என்று எதிர்த்தரப்பு வாதிடவும் இடம் உண்டு. தெளிவில்லை." புதியவர்களுக்கு இப்படி எழுதத் தயக்கமாக இருக்கும், வேலையை முடிக்காத மாதிரி தோன்றும். ஆனால் காகிதமே தெளிவில்லாமல் இருக்கும்போது ஒரு ஊரைத் தைரியமாக எழுதுவதுதான் ஆபத்து.

டெல்லி பிராண்டின் பர்ச்சேஸ் ஆர்டரில் "டெல்லி அதிகார வரம்புக்கு உட்பட்டது" என்று இருக்கிறது. "மட்டும்" இல்லை. ஏற்றுமதியாளரின் இன்வாய்ஸ் அடியில் "திருப்பூர் அதிகார வரம்புக்கு உட்பட்டது" என்று அச்சாகியிருக்கிறது. யாருடையது எடுபடும்?

"மட்டும்" இல்லாததைப் பற்றி முதலில். 1989-இல் ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கு நம் சேலத்திலிருந்து போனது. சரக்கு விற்றவர் குஜராத்தின் கைரா பகுதிக்காரர். தகராறுகள் கைரா அதிகார வரம்புக்கு உட்பட்டவை என்று விதிமுறையில் இருந்தது. வாங்கியவர் சேலத்தில் வழக்குப் போட்டார். மற்ற நீதிமன்றங்களைத் தெளிவாக விலக்கும் சொல் இல்லை, எனவே சேலம் நீதிமன்றத்தின் அதிகாரம் போகவில்லை என்றது உச்ச நீதிமன்றம். இதை மட்டும் படித்தால் "மட்டும் இல்லையா, கவலை இல்லை" என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் ஒப்பந்தம் கொல்கத்தா நீதிமன்றங்கள் என்றது, "மட்டும்" இல்லை. ஜெய்ப்பூர்க்காரர் ராஜஸ்தானில் மனுப் போட்டார். அங்கே உச்ச நீதிமன்றம், ஒரு ஊரைப் பெயர் சொல்லி எழுதியதே மற்றவற்றை விலக்கும் எண்ணத்தைக் காட்டுகிறது, அந்தச் சொல் இல்லாதது பெரிய விஷயம் அல்ல என்றது. இன்று இந்தப் பிந்தைய பார்வையை மனதில் வைத்தே டெல்லி ஷரத்தைப் படிக்க வேண்டும்.

இன்வாய்ஸ் வரியைப் பொறுத்தவரை, ஒரு தரப்பு தானாக அச்சிட்டு அனுப்பியது மட்டும் இருதரப்பு உடன்பாடு ஆகிவிடாது. பையர் அதில் கையெழுத்திட்டாரா, ஆர்டரை ஏற்றபோது நம் விதிமுறைகளும் போனதா, எது முதலில் போனது என்று மெயில்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். இந்த ஃபைலில் ஆர்டரை "அக்செப்டட்" என்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் டெல்லி.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். சொன்ன ஊருக்கும் வியாபாரத்துக்கும் தொடர்பு இருக்கிறதா? இயல்பாகவே அதிகாரம் உள்ள நீதிமன்றங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, இல்லாத அதிகாரத்தை உடன்பாட்டால் கொடுக்க முடியாது என்பது 1971-இல் ஹக்கம் சிங் வழக்கிலேயே உறுதியானது. பிராண்டின் அலுவலகம் டெல்லியில் இருக்கிறது, எனவே இங்கே சிக்கல் இல்லை. ஆர்பிட்ரேஷன் சீட்டுக்கு இந்தத் தொடர்பு தேவையில்லை. நடுநிலையான ஊர் என்று எதையும் சீட்டாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2017-இல் இண்டஸ் மொபைல் வழக்கு சொன்னது. இந்த வேறுபாடு பலருக்கும் தெரிவதில்லை.

கடைசியாக ஃபார்வர்டரின் பில் ஆஃப் லேடிங். பின்பக்கம், சாம்பல் நிறப் பொடி எழுத்து. ஸ்கேனில் பெரும்பாலும் முன்பக்கம்தான் இருக்கும், பின்பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இது பன்னாட்டு ஃபார்வர்டர்கள் கூட்டமைப்பான ஃபியாட்டாவின் படிவம். அதில் ஊர்ப் பெயர் இருக்காது. ஃபார்வர்டர்மேல் வழக்கை, ஆவணத்தில் காட்டியிருக்கும் அவருடைய தொழில் இடத்தில் மட்டுமே போட முடியும், அந்த நாட்டுச் சட்டமே பொருந்தும் என்று இருக்கும். ஆகவே பதில் ஷரத்தில் இல்லை, முகவரிக் கட்டத்தில் இருக்கிறது. நம் காகிதத்தில் சென்னை முகவரி. வெளிநாட்டு ஃபார்வர்டரின் ஏஜென்டாகச் சென்னை அலுவலகம் கையெழுத்திட்டிருந்தால் பதிலே மாறும். கையெழுத்துக்கு மேலே உள்ள வரியைப் படியுங்கள்.

ஐந்தாம் படி: ஷரத்தை மீறி வேறு கதவு திறக்கிறதா?

ஒப்பந்தம் சொல்வதே கடைசி வார்த்தை அல்லாத இடங்கள் உண்டு. திருப்பூர் தொழிலுக்கு இரண்டு முக்கியம்.

ஒன்று, 2006-ஆம் ஆண்டு குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். டெல்லி பிராண்ட் பணம் தராமல் இழுத்தால், சப்ளையர் தன் இடத்தில் உள்ள, பாக்கித் தகராறுகளைத் தீர்க்க இந்தச் சட்டம் அமைத்த வசதிக் குழுவை அணுகலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. ஒப்பந்தத்தில் தனி ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022-இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அட்டவணையில் எழுதும் முன் இரண்டு விஷயம் சரிபாருங்கள். நிறுவனம் குறு அல்லது சிறு வகையா? நடுத்தர வகைக்கு இந்த வசதி இல்லை. பதிவு எந்தத் தேதியில்? ஒப்பந்தம் போட்ட பின் பதிவு செய்து, பழைய பாக்கிக்கு இதைக் கேட்க முடியாது என்றும் அதே வழக்கு சொன்னது. அந்தப் பதிவைக் காட்டும் உத்யம் சான்றிதழின் தேதியை பர்ச்சேஸ் ஆர்டர் தேதிக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, காசோலை. பிராண்ட் கொடுத்த செக் திரும்பினால், அந்தக் குற்ற வழக்குக்கு ஒப்பந்தத்தின் டெல்லி ஷரத்து பொருந்தாது. கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பிய செக் என்றால், பணம் பெற வேண்டியவரின் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கேதான், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 142-ஆம் பிரிவில் 2015-இல் வந்த திருத்தப்படி. கணக்கு திருப்பூர்க் கிளையில் இருந்தால் வழக்கும் திருப்பூரில்.

ஆறாம் படி: கையில் கொடுக்கும் அட்டவணை

உங்கள் வேலைத்தாளில் ஷரத்தின் முழு வாசகமும் இருக்கும். தொழில் நடத்துபவருக்குக் கொடுப்பது இவ்வளவு சுருக்கமாக இருந்தால் போதும்:

| எதிர்த்தரப்பு | சட்டம் | எங்கே கேட்கப்படும் | தெளிவு |
|---|---|---|---|
| ஜெர்மனி பையர் | ஜெர்மானியம், ஐ.நா. உடன்படிக்கை விலக்கப்படவில்லை | ஹாம்பர்க் நீதிமன்றம் | தெளிவு |
| இங்கிலாந்து பையர் | ஆங்கிலேயம் | நடுவர் மன்றம், சீட் லண்டன். இடைக்கால மனு இந்தியாவிலும் வரலாம் | தெளிவு |
| மும்பை மெஷின் டீலர் | இந்தியம் | நடுவர் மன்றம். சீட் கோவையா மும்பையா என்பது வாதத்துக்குரியது | தெளிவில்லை |
| டெல்லி பிராண்ட் | ஷரத்து இல்லை. இரு தரப்பும் இந்தியாவில் | டெல்லி நீதிமன்றம். பாக்கிக்கு வசதிக் குழு, செக்குக்குத் திருப்பூர் | ஓரளவு தெளிவு |
| ஃபார்வர்டர் | இந்தியம், சென்னை முகவரி என்பதால் | சென்னை நீதிமன்றம் | தெளிவு, கையெழுத்து ஏஜென்டாக இல்லாதவரை |

ஏற்றுமதியாளர் இதைப் பார்த்தவுடன் அடுத்து கேட்பது, "ஜெயிச்சா பணம் கைக்கு வருமா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கும் ஒரு வரி தயாராக இருக்கட்டும். லண்டன் அவார்டை 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கைப்படி இந்தியாவில் நிறைவேற்றக் கேட்கலாம். ஜெர்மன் நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்த நேர்வழி இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44-ஏ பிரிவில் அறிவிக்கப்பட்ட நாடுகளில் இங்கிலாந்து உண்டு, ஜெர்மனி இல்லை. ஆகவே ஹாம்பர்க்கில் பையர் ஜெயித்தால், அந்தத் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டியிருக்கும். ஏற்றுமதியாளர் ஜெயித்தாலோ, பையரின் சொத்து ஜெர்மனியிலேயே இருப்பதால் ஹாம்பர்க் தீர்ப்பு அவருக்கு வசதிதான்.

மும்பை வரிக்கு எதிரே மட்டும் ஒரு வேலையைக் குறித்துக் கொடுங்கள். மெஷினின் சர்வீஸ் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது டீலர் கையெழுத்துப் போட வரத்தான் போகிறார். அப்போது ஒரு பத்தித் திருத்தம் போதும்: ஆர்பிட்ரேஷனின் சீட் கோயம்புத்தூர், 17-ஆம் ஷரத்தில் மும்பை என்ற இடத்தில் கோயம்புத்தூர் என்று படிக்கவும். டீலர் மும்பைதான் வேண்டும் என்றால் இரண்டையும் மும்பை ஆக்கிவிடலாம். எந்த ஊர் என்பதைவிட, இரண்டு ஷரத்தும் ஒரே ஊரைச் சொல்வதுதான் இங்கே வேண்டியது. தகராறு வருவதற்கு முன் இதற்கு ஒரு கையெழுத்து போதும். வந்த பிறகு, எந்த ஊர் என்பதற்கே தனியாக ஒரு வழக்கு நடத்த வேண்டிவரும்.